ஒரே விதிக்கு மூன்று எண்கள்: முதன்மை ஒப்பந்தம், இணைப்பு, திருத்தம் – எது செல்லும்?

கேள்வி: எங்கள் பராமரிப்பு ஒப்பந்தத்தில் பிரிவு 7.2, "இன்வாய்ஸ் கிடைத்த நாளிலிருந்து 45 நாட்களுக்குள் பணம் செலுத்த வேண்டும்" என்கிறது. இணைப்பு ஆ-வில் "இன்வாய்ஸ் தேதியிலிருந்து 30 நாட்கள்" என்று இருக்கிறது. பிறகு போட்ட இரண்டாம் திருத்தம், "பிரிவு 7.2-இல் 45 என்பது 60 என மாற்றப்படுகிறது, மற்ற விதிகள் மாறாமல் தொடரும்" என்கிறது. பிரிவு 1.4-இல் "முரண்பாடு வந்தால் முதன்மை ஒப்பந்தத்தைவிட இணைப்புகளே மேலோங்கும்" என்று ஒரு வரி உண்டு. கடைசியாகக் கையெழுத்தானதுதான் செல்லும் என்கிறார்கள். எந்த எண்ணை எடுப்பது?

பதில்:

கடைசியாகக் கையெழுத்தானது செல்லும் என்பது பாதிதான் சரி. திருத்தத்தை மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டிய மூன்றாவது ஆவணமாக எடுத்துக்கொள்வதில்தான் குழப்பமே தொடங்குகிறது. அது ஏற்கெனவே இருக்கிற வாசகத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தை மாற்றுகிறது, அவ்வளவுதான். ஆகவே முதலில் அந்த மாற்றத்தைச் செய்து முடிக்க வேண்டும். அதன்பின் கையில் மிஞ்சும் வாசகத்தில் முரண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உங்கள் வரிகளில் அப்படிச் செய்தால் 45 மறைந்துவிடும். 7.2-இல் 60, இணைப்பு ஆ-வில் 30 என இரண்டு எண்கள் நிற்கும். இரண்டாம் திருத்தம் இணைப்பைத் தொடவே இல்லை. தொடாதவை மாறாமல் தொடரும் என்று வேறு சொல்கிறது. 1.4-இன்படி இணைப்பு மேலோங்கும். ஆக, எழுத்துக்கு எழுத்து படித்தால் விடை 30. கடைசியாகக் கையெழுத்தான எண் தோற்றுப்போகிறது.

ஆனால் இதை முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரு தரப்பும் உட்கார்ந்து ஒரு திருத்தம் போட்டு, அதனால் எதுவுமே மாறவில்லை என்ற நிலையை நீதிபதியோ நடுவரோ எளிதில் ஏற்க மாட்டார். அவர் எந்தப் பக்கம் சாய்வார் என்பது இணைப்பு ஆ எந்தெந்த இன்வாய்ஸ்களுக்குப் பொருந்துகிறது என்பதைப் பொறுத்தது. அந்த இடத்துக்குப் போகும் வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் முழுச் சங்கிலி

இரண்டாம் திருத்தம் என்றால் முதலாவது ஒன்று இருந்தாக வேண்டும். உங்கள் கேள்வியில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பணம் செலுத்தும் கெடுவைப் பற்றி அது பேசாமல் இருக்கலாம். ஆனாலும் அதைப் படிக்காமல் ஒரு முடிவுக்கும் வர முடியாது. முதலாம் திருத்தம் "இணைப்பு ஆ முழுவதும் நீக்கப்பட்டு, இதனுடன் உள்ள புதிய இணைப்பு ஆ சேர்க்கப்படுகிறது" என்று சொல்லியிருந்தால், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் 30 பழைய இணைப்பில் உள்ளதா, புதியதில் உள்ளதா என்ற கேள்வி எழும். கட்டண விகிதத்தை மாற்றுவதற்காக முழு இணைப்பையும் மாற்றுகிறவர்கள், பழைய கோப்பு ஒன்றை எடுத்து அதில் விகிதத்தை மட்டும் திருத்தி ஒட்டிவிடுவது வழக்கம். அப்போது முன்பே மாற்றப்பட்டிருந்த வேறொரு எண் சத்தமில்லாமல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அப்படித் திரும்பியது யாருடைய நோக்கமும் அல்ல என்றாலும், கையெழுத்தான வாசகம் அதுதான்.

அதேபோல் முதலாம் திருத்தம் பிரிவு எண்களை மாற்றியிருக்கக்கூடும். 7-ஆம் பிரிவில் புதிதாக ஒரு உட்பிரிவு நுழைந்து பழைய 7.2 இப்போது 7.3 ஆகியிருந்தால், இரண்டாம் திருத்தம் சுட்டும் 7.2-இல் 45 என்ற எண்ணே இருக்காது. திருத்தம் மாற்றச் சொல்லும் பழைய சொற்கள், அது சுட்டும் இடத்தில் அப்படியே இருக்கின்றனவா என்று ஒவ்வொரு திருத்தத்துக்கும் சரிபாருங்கள். இல்லாத சொல்லை மாற்றச் சொல்லும் திருத்தம் பெரும்பாலும் தட்டச்சுப் பிழை. எதை மாற்ற நினைத்தார்கள் என்பது ஐயமின்றித் தெரிந்தால் பிழையைச் சரிசெய்து படிக்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட விதமாக ஊகிக்க முடிகிறதென்றால் உங்கள் ஊகத்தைப் பதிவேட்டில் எண்ணாக எழுதாதீர்கள். தீராத ஐயம் என்றே எழுதுங்கள்.

ஒவ்வொரு ஆவணத்துக்கும் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கையெழுத்தான தேதி, நடைமுறைக்கு வரும் தேதி, இரு தரப்பிலும் கையெழுத்திட்டவர்கள். திருத்தங்களை நடைமுறைத் தேதிப்படி அடுக்குவதா, கையெழுத்துத் தேதிப்படியா என்று கேட்பார்கள். வாசகம் எந்த நாளில் எப்படி இருந்தது என்று கட்டுவதற்கு நடைமுறைத் தேதி வேண்டும். இரு திருத்தங்கள் ஒரே இடத்தைத் தொட்டால், எது எதை மனதில் வைத்து எழுதப்பட்டது என்று அறியக் கையெழுத்துத் தேதி வேண்டும். இரண்டும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ணி ஒன்றை மட்டும் குறித்தால் பின்னால் தடுமாற நேரிடும்.

கையெழுத்தாகாத மின்னஞ்சல் ஒப்புதல்களைச் சங்கிலியில் சேர்க்கலாமா என்பதற்கு விடை பெரும்பாலும் ஒப்பந்தத்திலேயே இருக்கும். "எழுத்தில், இரு தரப்பும் கையெழுத்திட்டால் மட்டுமே மாற்றம் செல்லும்" என்ற வரி இருந்தால் அதை லேசாக எடுக்க முடியாது. ராக் அட்வர்டைசிங் வழக்கில் 2018-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் இத்தகைய வரிக்கு முழு வலு உண்டு என்று தீர்ப்பளித்தது. தவணைகளைத் தள்ளிக்கொள்ளத் தொலைபேசியில் பேசி ஒப்புக்கொண்டதாகச் சொன்ன தரப்பு தோற்றது. எல்லா நாட்டுச் சட்டமும் இவ்வளவு கறாராக இல்லை. ஆகவே உங்கள் ஒப்பந்தத்துக்கு எந்தச் சட்டம் என்று எழுதியிருக்கிறதோ அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒருங்கிணைந்த உரை

சங்கிலி கிடைத்ததும் முதன்மை ஒப்பந்தத்தையும் இணைப்புகளையும் எடுத்து, திருத்தங்களை ஒவ்வொன்றாக அவை சுட்டும் இடத்தில் செய்துகொண்டே போங்கள். நீக்கச் சொன்னதை நீக்கி, மாற்றச் சொன்னதை மாற்றி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கத்தில் எந்தத் திருத்தம், எந்த வரி என்று குறிப்பிடுங்கள். முழு ஒப்பந்தத்துக்கும் செய்ய நேரமில்லை என்றால் தொடர்புள்ள பிரிவுகளுக்கு மட்டுமாவது செய்தாக வேண்டும்.

தொடர்புள்ளவை எவை என்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். 45 என்ற எண்ணைத் தேடினால் போதாது. "நாற்பத்தைந்து" என்று எழுத்தில் இருக்கலாம். "ஆறு வாரங்கள்" என்று இன்னொரு இணைப்பில் இருக்கலாம். இவற்றைவிட ஆபத்தானது வரையறுத்த சொல். வரையறைப் பிரிவில் "பணம் செலுத்தும் காலம் என்றால் இணைப்பு ஆ-வில் குறிப்பிட்ட காலம்" என்று இருந்து, வட்டிப் பிரிவும் சேவை நிறுத்தப் பிரிவும் அந்தச் சொல்லையே பயன்படுத்தியிருந்தால், திருத்தம் 7.2-இல் எண்ணை மாற்றியது வட்டியைத் தொடவே தொடாது. பணம் 60-ஆம் நாள் தரலாம், ஆனால் 31-ஆம் நாளிலிருந்து வட்டி ஓடும் என்ற வினோதமான நிலை வரும். எண்ணைத் தேடுங்கள், எண்ணைச் சுட்டும் சொல்லைத் தேடுங்கள், பிறகு அந்தப் பிரிவின் எண்ணான 7.2-ஐயும் தேடுங்கள். மூன்றாவது தேடலில்தான் "7.2-இல் எதுவாக இருந்தாலும்" என்று தொடங்கும் விதிவிலக்குகள் அகப்படும்.

முரண்தானா?

ஒருங்கிணைந்த உரையில் 60-உம் 30-உம் நிற்கின்றன. எண்கள் வேறு என்பதாலேயே முரண் என்று சொல்லிவிட முடியாது. இரண்டும் ஒரே பொருளை, ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து, ஒரே அலகில் பேசினால்தான் முரண்.

உங்கள் வரிகளில் தொடக்கப் புள்ளியே வேறு: ஒன்று இன்வாய்ஸ் கிடைத்த நாள், மற்றது இன்வாய்ஸ் தேதி. இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டில் பாருங்கள். இன்வாய்ஸ் தேதி 25-03-2024; கைக்கு வந்தது 28-03-2024 என்று வையுங்கள். இணைப்பின்படி கெடு 24-04-2024. திருத்தத்துக்கு முந்தைய 7.2-இன்படி 12-05-2024. திருத்திய 7.2-இன்படி 27-05-2024. கோப்பை அவசரமாகப் புரட்டுகிறவர் திருத்தத்திலிருந்து 60-ஐயும் இணைப்பிலிருந்து இன்வாய்ஸ் தேதியையும் எடுத்து 24-05-2024 என்று குறித்துவிடுவார். அந்த நாள் எந்த ஆவணத்திலும் இல்லாத நாள். இரண்டாம் திருத்தம் எண்ணை மட்டும் மாற்றியது; தொடக்கப் புள்ளி 7.2-இல் ஏற்கெனவே இருந்ததுதான். 7.2 வெல்கிறது என்றால் எண்ணும் தொடக்கப் புள்ளியும் சேர்ந்தே வெல்லும். இணைப்பு வெல்கிறது என்றாலும் அப்படியே. இரண்டையும் பிய்த்து ஒட்டக் கூடாது.

அடுத்தது பொருள். இணைப்பு ஆ-வின் தலைப்பையும், 30 நாள் என்ற வரிக்கு மேலும் கீழும் இருப்பதையும் படியுங்கள். அது மாதாந்திர நிலைக்கட்டணத்துக்கான அட்டவணையா? உதிரிபாகம், கூடுதல் வேலை, அவசர வருகை போன்றவற்றின் இன்வாய்ஸ்களும் அதில் அடங்குமா? உங்கள் வழக்கே இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது என்று நினைக்கிறேன்.

இணைப்பு ஆ நிலைக்கட்டணத்தை மட்டும் பேசினால் முரணே இல்லை. நிலைக்கட்டண இன்வாய்ஸுக்கு 30 நாள். மற்ற எல்லா இன்வாய்ஸுக்கும் முன்பு 45, இப்போது 60. 7.2-க்குத் தனக்கென ஒரு களம் இருக்கிறது. திருத்தம் அந்தக் களத்தில் முழுமையாக வேலை செய்கிறது. 1.4-ஐக் கூப்பிடவே வேண்டியதில்லை. எந்த வரியும் வீணாகாத இந்த வாசிப்பு கிடைக்கும்போது அதை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுவதற்கு வலுவான காரணம் வேண்டும்.

முதன்மை வரிசை பற்றிய பிரிவைக் கையில் எடுத்த உடனே வீசக் கூடாது என்பதை 2014-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆர்.டபிள்யூ.இ. எதிர் பென்ட்லி வழக்கில் தெளிவாகச் சொன்னது. ஆவணங்களை எல்லாம் சேர்த்துப் படித்தால் தெளிவான, அறிவுக்குப் பொருந்தும் பொருள் கிடைக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கிடைக்காதபோதுதான் எது எதற்கு மேல் என்ற வரிசைக்குப் போக வேண்டும். நடைமுறையில் பெரும்பாலான மூன்று எண் சிக்கல்கள் இந்தக் கட்டத்திலேயே கரைந்துவிடும்.

முரண் உண்மையானால்

இணைப்பு ஆ "இந்த ஒப்பந்தத்தின் கீழ் வரும் எல்லா இன்வாய்ஸ்களும்" என்று தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது 60-உம் 30-உம் ஒரே பொருளில் மோதுகின்றன. இங்கேதான் 1.4 வருகிறது. ஆனால் அதன் சொற்களை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். "முதன்மை ஒப்பந்தத்தைவிட இணைப்புகள் மேலோங்கும்" என்ற வரியில் திருத்தங்களுக்கு இடம் தரப்பட்டிருக்கிறதா? சில ஒப்பந்தங்களில் வரிசை "திருத்தங்கள், அவற்றில் பிந்தையது முதலில்; பிறகு இணைப்புகள்; பிறகு முதன்மை ஒப்பந்தம்" என்று இருக்கும். அப்படி இருந்தால் 60 செல்லும் என்று வாதிட நேரடி ஆதாரம் கிடைத்துவிடும். அப்போதும் எதிர்த் தரப்பு, "திருத்தம் 7.2-இல் கலந்துவிட்டது, இனி அது முதன்மை ஒப்பந்தத்தின் வாசகம்தானே" என்று சொல்லும். வரிசையில் திருத்தங்களைத் தனியாகப் பெயர் சொல்லிக் குறித்திருப்பதே அந்த வாதத்துக்குப் பதில். உங்கள் வரியில் அந்தச் சொல் இல்லை.

வேறு சில ஒப்பந்தங்களில் இணைப்புகள் கடைசியில் நிற்கும். கட்டுமானத் துறையில் பரவலாகப் புழங்கும் ஃபிடிக் சிவப்புப் புத்தகம் என்ற மாதிரி ஒப்பந்தத்தின் 1999 பதிப்பில், பிரிவு 1.5 தரும் வரிசை ஒப்பந்தப் பத்திரத்தில் தொடங்கி, சிறப்பு நிபந்தனைகள், பொது நிபந்தனைகள், விவரக்குறிப்பு, வரைபடங்கள் என்று இறங்கி அட்டவணைகளில் முடியும். அங்கே பழகியவர் உங்கள் ஒப்பந்தத்தைப் பார்த்தால் முதன்மை ஒப்பந்தம்தான் மேல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். எல்லா ஒப்பந்தத்துக்கும் பொதுவான வரிசை என்று ஒன்று கிடையாது.

சரி, உங்கள் 1.4-ஐ அப்படியே பயன்படுத்தினால் 30. ஆனால் அப்படியானால் 7.2-இல் இருந்த 45-உம் முதல் நாளிலிருந்தே செல்லாத எண். செல்லாத 45-ஐச் செல்லாத 60 ஆக்க இரு தரப்பும் கையெழுத்திட்டார்கள் என்று ஆகிறது. பணம் தர வேண்டிய தரப்பின் வழக்கறிஞர் இதைத்தான் பிடித்துக்கொள்வார்: ஒரு திருத்தத்துக்கு ஏதாவது பயன் இருக்கும்படிதான் அதைப் படிக்க வேண்டும்; இணைப்பின் 30-ஐயும் அது மறைமுகமாக மாற்றிவிட்டது. பணம் பெற வேண்டிய தரப்பு, "மற்ற விதிகள் மாறாமல் தொடரும் என்று நீங்களே எழுதினீர்கள், இணைப்பு அந்த மற்ற விதிகளில் ஒன்று, 1.4-உம் அப்படியே" என்று சொல்லும்.

இரண்டில் எனக்கு வலுவாகப் படுவது முதல் வாதம்தான், ஒரு நிபந்தனையோடு: இணைப்பு உண்மையிலேயே எல்லா இன்வாய்ஸ்களையும் மூடுகிறது, 7.2-க்கு மிச்சக் களம் எதுவுமில்லை என்று நிரூபணமாக வேண்டும். மிச்சக் களம் சிறிதளவு இருந்தாலும் திருத்தத்துக்குப் பயன் இருக்கிறது என்றாகிவிடும். பயனற்றுப்போகிறது என்ற வாதம் அந்த அளவுக்கு வலுவிழக்கும். ஆக, களம் எவ்வளவு குறுகியதோ அவ்வளவுக்கு 60-இன் கை ஓங்கும்.

இங்கே நடைமுறைச் சான்று பெரிய உதவி. திருத்தத்துக்கு முன்பு எத்தனை நாளில் பணம் கொடுத்தார்கள், பெற்றவர் ஆட்சேபித்தாரா, வட்டி கேட்டாரா என்று பாருங்கள். 45-ஆம் நாள் பணம் போய், யாரும் முணுமுணுக்கவில்லை என்றால், இரு தரப்பும் 7.2-ஐத்தான் உயிருள்ள விதியாகக் கருதினார்கள். அதை 60 ஆக்கியது உண்மையான மாற்றம் என்று காட்ட முடியும். 30-ஆம் நாளே பணம் போயிருந்தால் கதை தலைகீழ். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு தரப்புகள் நடந்துகொண்ட விதத்தைப் பொருள் காண ஆதாரமாக எடுக்க இங்கிலாந்துச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. பன்னாட்டு வணிக ஒப்பந்தங்களுக்கான யூனிட்ராய்ட் கோட்பாடுகளின் 4.3-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் திருத்தத்தின் பொருளைக் காண்பதுதான் கேள்வி என்றால், திருத்தத்துக்கு முந்தைய நடத்தை அதற்குப் பின்புலம். கறாரான சட்டத்தின் கீழும் அதை முன்வைக்க இடமிருக்கிறது. ஆகவே கணக்குப் பிரிவிலிருந்து எடுக்கும் பட்டியலைத் திருத்தத்துக்கு முன், பின் என்று இரண்டாகப் பிரித்தே எடுங்கள். திருத்தப் பேச்சின்போது நடந்த கடிதப் போக்குவரத்தையும் பத்திரப்படுத்துங்கள். அதை ஆதாரமாகக் காட்ட முடியுமா என்பதும் சட்டத்துக்குச் சட்டம் மாறும்.

"கடுமையானதை எடு" என்ற வழி எங்கே உதவும்?

தொழில்நுட்ப எண்களில் பழகியவர்கள், மோதும் எண்களில் கடுமையானதை எடுத்துக்கொண்டால் எல்லாவற்றுக்கும் இணங்கியதாகும் என்பார்கள். தரம் பற்றிய எண்களில் இது நல்ல வழி. ஸ்காட்லாந்துக் கரையோரக் காற்றாலைகளின் அடித்தளம் குறித்த ஹோய்கார்ட் எதிர் ஈ.ஆன் வழக்கில் 2017-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் இதே போக்கில்தான் சென்றது. தொழில்நுட்பத் தேவைகள் ஒரு பக்கம் ஜே101 என்ற பன்னாட்டுத் தரநிலையைப் பின்பற்றச் சொன்னன. இன்னொரு வரி அடித்தளம் 20 ஆண்டு தாங்கும்படி வடிவமைக்கச் சொன்னது. தரநிலையின் சூத்திரத்திலேயே பிழை இருந்ததால், அதை ஒழுங்காகப் பின்பற்றியும் அடித்தளம் நழுவியது. இரு தேவைகள் வெவ்வேறு அளவில் இருக்கும்போது கடுமையானதே செல்லும், இளகியது குறைந்தபட்சத் தேவை என்று படிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். பொறுப்பு ஒப்பந்ததாரர் மீது விழுந்தது.

பணம் செலுத்தும் கெடுவில் இந்த வழி முடிவு தராது. ஒருவருக்குக் கடுமை என்பது மற்றவருக்குச் சலுகை. 60 நாள் என்பது பணம் தருபவர் பேசி வாங்கிய உரிமை. அதைக் குறைந்தபட்சம் என்று படிக்க வழியில்லை. பொறுப்பு உச்சவரம்பு, தாமத அபராதம், நோட்டீஸ் காலம் எல்லாம் இந்த வகை. தடிமன், வலிமை, ஆயுள், வெப்பத் தாங்குதிறன் போன்றவை முதல் வகை. எண்ணைப் பார்த்ததும் எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முதன்மை வரிசையே இல்லாதபோது

1.4 போன்ற வரி இல்லாத ஒப்பந்தங்களில் நான்கு பழைய விதிகள் உதவும், ஆனால் எதுவும் இரும்பு விதி அல்ல. குறிப்பானது பொதுவானதை வெல்லும். தனித்துப் பேசி எழுதியது அச்சிட்ட நிலையான வாசகத்தை வெல்லும், யூனிட்ராய்ட் 2.1.21 இதை நேரடியாகவே சொல்கிறது. பிந்தைய ஆவணம் முந்தையதை வெல்லும். எழுதித் தந்தவருக்கு எதிராகப் படிப்பது என்பது வேறு எதுவும் கைகொடுக்காதபோது கடைசியில் வருவது.

மூன்றாவதை மட்டும் கவனமாகப் பயன்படுத்துங்கள். வெவ்வேறு நாளில் கையெழுத்தான ஆவணங்களுக்கு அது பொருந்தும். ஒரே பத்திரத்துக்குள் இரண்டு பிரிவுகள் சேரவே சேராதபடி மோதினால், முந்தைய பிரிவு பிந்தையதை வெல்லும் என்பதே இந்திய உச்ச நீதிமன்றம் ராதா சுந்தர் தத்தா வழக்கில் எடுத்துக்கொண்ட விதி. உங்கள் முதன்மை ஒப்பந்தமும் இணைப்பு ஆ-வும் ஒரே நாளில், ஒரே கட்டாகக் கையெழுத்தானவை என்றால் இணைப்பு பின்னால் கோக்கப்பட்டிருப்பதை வைத்து அதைப் பிந்தைய ஆவணம் என்று சொல்ல முடியாது.

எந்த இன்வாய்ஸிலிருந்து?

60 செல்லும் என்று முடிவானாலும் வேலை முடியவில்லை. மேலே சொன்ன 25-03-2024 தேதியிட்ட இன்வாய்ஸையே எடுங்கள். திருத்தம் 20-03-2024-இல் கையெழுத்தாகி 01-04-2024 முதல் நடைமுறைக்கு வருகிறது என்று வையுங்கள். இன்வாய்ஸ் போட்டது, கைக்கு வந்தது, அதிலுள்ள வேலை நடந்தது எல்லாம் ஏப்ரலுக்கு முன்பு. இணைப்பின்படியான கெடு 24-04-2024, அது ஏப்ரலுக்குப் பின்பு. திருத்தம் எதைப் பிடித்துக்கொள்கிறது: வேலை நடந்த நாளையா, இன்வாய்ஸ் தேதியையா, கெடு நாளையா?

திருத்தம் ஒன்றும் சொல்லாதபோது, ஏற்கெனவே பிறந்துவிட்ட உரிமையை அது பின்னோக்கிப் போய்க் குறைக்கவில்லை என்று எடுப்பதே பாதுகாப்பான வாசிப்பு. இன்வாய்ஸ் அனுப்பியபோதே பழைய கெடு ஓடத் தொடங்கிவிட்டது. ஆகவே இந்த இன்வாய்ஸுக்குப் பழைய விதி. 01-04-2024 அன்றோ அதற்குப் பின்போ போட்ட இன்வாய்ஸ்களுக்குப் புதியது. இணைப்பின்படியான பழைய கெடுவுக்கும் 27-05-2024-க்கும் 33 நாள் இடைவெளி. தொகை 10,00,000, தாமத வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் அந்த 33 நாளுக்குச் சுமார் 10,849 வரும். ஓர் இன்வாய்ஸில் சிறிய தொகைதான். நடைமுறைத் தேதியைத் தொட்டுக்கொண்டு நிற்கும் இன்வாய்ஸ்கள் அத்தனைக்கும் கூட்டிப் பாருங்கள்.

பதிவேட்டில் எழுதும்போது

ஒப்பந்தப் பதிவேட்டில் "பணம் செலுத்தும் காலம்: 60" என்று ஒற்றை எண்ணை மட்டும் எழுதினால், அடுத்து வருகிறவருக்கு மற்ற இரண்டும் இருந்ததே தெரியாது. ஒவ்வொரு தோற்றத்துக்கும் ஒரு வரி கொடுங்கள்: ஆவணம், பிரிவு, வாசகம் எழுத்து மாறாமல், எண், தொடக்கப் புள்ளி, நாள்காட்டி நாளா வேலை நாளா, எந்த வகை இன்வாய்ஸுக்கு, எந்தத் தேதி முதல் எதுவரை. கடைசியில் அதன் நிலை: நடப்பில் உள்ளது, திருத்தத்தால் நீங்கியது, இணைப்பால் மேலோங்கப்பட்டது, முரண் தீரவில்லை. நீங்கியதும் மேலோங்கப்பட்டதும் ஒன்றல்ல. 45 நீங்கியது, அது திரும்பி வராது. மேலோங்கப்பட்ட எண் இன்னும் வாசகத்தில் இருக்கிறது. நாளை இணைப்பு ஆ முழுவதும் நீக்கப்பட்டால் 7.2-இன் 60 தானாகவே உயிர்பெறும். இந்த வேறுபாட்டைப் பதிவேடு காட்டாவிட்டால் அடுத்த திருத்தம் போடுகிறவர் மறுபடியும் இதே குழியில் விழுவார்.

இப்போது செய்ய வேண்டியது

நீங்கள் பணம் தரும் தரப்பு என்றால், முரண் தீரும்வரை இணைப்பின் கெடுவுக்குள் கொடுத்துவிடுவது வட்டியையும் சேவை நிறுத்தத்தையும் தவிர்க்கும். ஆனால் கூடவே ஒரு கடிதம் போக வேண்டும்: எங்கள் நிலைப்பாடு 60 நாள், இந்தக் கொடுப்பனவு அந்த உரிமையைக் கைவிட்டதாகாது. கடிதம் இல்லாமல் தொடர்ந்து 30-ஆம் நாள் கொடுத்தால் உங்கள் நடத்தையையே உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள். பணம் பெறும் தரப்பு என்றால், 30 நாளில் நினைவூட்டலாம். ஆனால் 60 கடக்கும்முன் வேலையை நிறுத்தாதீர்கள். 60 சரி என்று முடிவானால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்களாகிவிடுவீர்கள்.

நிலையான தீர்வு மூன்றாம் திருத்தம்தான். அதில் 7.2-ஐ மட்டும் மறுபடி தொட்டால் பயனில்லை. 7.2-க்கு முழு வாசகத்தையும், தொடக்கப் புள்ளியோடு சேர்த்து, புதிதாக எழுதுங்கள். இணைப்பு ஆ-விலுள்ள கெடு வரியை நீக்கி, அந்த இடத்தில் "பணம் செலுத்தும் காலம் பிரிவு 7.2-இன்படி" என்று சுட்டுங்கள், எண் ஒரே இடத்தில் மட்டும் இருக்கட்டும். நிலைக்கட்டணத்துக்கு வேறு கெடு வேண்டும் என்றால் அதையும் 7.2-க்குள்ளேயே விதிவிலக்காக வையுங்கள். 1.4-இல் திருத்தங்களை வரிசையின் உச்சியில் சேருங்கள். இறுதியாக, "இத்திருத்தம் இன்ன தேதியிலும் அதற்குப் பின்னும் தேதியிடப்பட்ட இன்வாய்ஸ்களுக்குப் பொருந்தும், 01-04-2024-க்கும் அந்தத் தேதிக்கும் இடையில் தேதியிடப்பட்டவற்றுக்கு இத்தனை நாள் கெடு, அவற்றுக்கு இதுவரை கோரிய தாமத வட்டி இவ்வாறு தீர்க்கப்படுகிறது" என்று இரண்டு வரி வேண்டும். பேச்சுவார்த்தையில் இழுபறி வருவது பெரும்பாலும் இந்த இரண்டு வரியில்தான். எனவே வரைவை அனுப்பும் முன் அந்த இடைக்கால இன்வாய்ஸ்களின் பட்டியலைத் தொகையோடு தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.